துணிக்கடை கேட்லாக்: தலைப்பில் நேரம் வீணாக்க வேண்டுமா?

நூல்கண்டு · 9 ஜூன், இரவு 11:40

சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் வீட்டிலிருந்தே குர்த்தி, சுடிதார் விற்கிறேன். வாட்ஸ்அப் பிசினஸ் கேட்லாக் போட்டு மூன்று மாதம் ஆகிறது. மொத்தம் 86 பொருள். 'டிசைன் 1' என்று தொடங்கி 'டிசைன் 86' வரை பெயர். விவரம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

எல்லாரும் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். தலைப்புக்கும் விவரத்துக்கும் மண்டையை உடைத்துக்கொள்வது வேண்டாத வேலை என்பது என் கட்சி. யாராவது மறுத்துச் சொல்லுங்கள், பார்ப்போம்.

மாடிக்கடை · 10 ஜூன், காலை 7:15

மறுக்கிறேன். போன தீபாவளிக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் உங்கள் கட்சிதான்.

கடை தேக்காவில், ஒரு மாடியில், இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூன்றாமவர் படியில் நிற்க வேண்டிய அளவு. நானும் மாமியாரும்தான். அப்போது மஞ்சளில் மூன்று குர்த்தி வைத்திருந்தேன். கேட்லாக்கில் இப்படி எழுதியிருந்தேன்:

```
New Arrival Premium Cotton Kurti - Mango Yellow
New Arrival Premium Cotton Kurti - Mustard
New Arrival Premium Cotton Kurti - Lemon
```

பார்க்க அழகாகத்தான் இருந்தது. தீபாவளிக்கு முந்திய வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் 14 பொட்டலம் கட்ட வேண்டும். வாடிக்கையாளர் கூடையை அனுப்பினால் நமக்கு என்ன வருகிறது? தீப்பெட்டி அளவில் ஒரு படம், பொருளின் பெயர், விலை, எத்தனை என்ற எண். அவ்வளவுதான். என் போன் திரையில் பெயரின் முதல் மூன்று நான்கு சொல் தெரியும், மீதி புள்ளி புள்ளியாகப் போய்விடும். ஆக மூன்று மஞ்சளும் 'New Arrival Premium…' தான். அந்தத் தீப்பெட்டிப் படத்தில் மாம்பழ மஞ்சளும் கடுகு மஞ்சளும் அக்கா தங்கைபோல இருக்கும். மாமியார் கடுகை எடுத்துக் கட்டிவிட்டார்.

வாங்கியவர் உட்லண்ட்ஸ். மகளின் பாவாடைக்குப் பொருத்தமாக மாம்பழ மஞ்சள் கேட்டிருந்தார். மறுநாள் காலை லிட்டில் இந்தியாவில் ஏறி, தோபி காட்டில் மாறி, வடக்கே உட்லண்ட்ஸ் வரை போய் நிலையத்து வாசலில் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். கடையை மதியம் 1 மணிக்குத்தான் திறந்தேன், அதுவும் தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. அந்தக் குர்த்தியில் எனக்கு லாபம் 8 வெள்ளி.

நீங்கள் சொல்வது சரி, வாங்குகிறவர் படத்தைப் பார்த்துதான் வாங்குகிறார். ஆனால் தலைப்பு திரும்பி நம்மிடம்தான் வருகிறது. அலமாரியிலிருந்து எதை எடுப்பது என்று நமக்குச் சொல்ல வேண்டியது அதுதான். 'டிசைன் 61' என்று வந்தால் நீங்கள் எப்படி எடுக்கிறீர்கள்?

பட்டம்மா · 10 ஜூன், காலை 10:02

தலைப்பில் நேரம் வீண் என்று யார் சொன்னது? சேலைக்கே அழகு தலைப்புதான். நான் குஞ்சம் முடிந்து தருகிறேன், ஒரு சேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். நூலை எட்டு எட்டாகப் பிரித்து முடிந்தால்தான் நிற்கும். அவசரப்பட்டால் ஒரு துவையலில் அவிழ்ந்துவிடும்.

மாடிக்கடை · 10 ஜூன், காலை 10:20

பட்டம்மா, இது அந்தத் தலைப்பு இல்லை :) போனில் எழுதுகிற பெயர். ஆனால் உங்கள் தலைப்பைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். விவரத்தில் 'குஞ்சம் கட்டியது' என்று எழுதாததால் என்னைத் தினமும் நாலு பேர் கேட்கிறார்கள்.

நூல்கண்டு · 11 ஜூன், இரவு 12:10

'டிசைன் 61' எது என்று எனக்குத் தெரியும். என் கணவருக்குத் தெரியாது. சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அளவை என்ன செய்வது? ஒவ்வொரு அளவுக்கும் தனிப் பொருளாகப் போடலாமா?

மாடிக்கடை · 12 ஜூன், இரவு 9:30

போட்டுப் பார்த்துக் கைவிட்டேன். ஒரு குர்த்தி, மூன்று நிறம், ஐந்து அளவு என்றால் 15 பொருள் ஆகிறது. கேட்லாக்கில் மொத்தம் 500 தான் வைக்கலாம். 33 குர்த்தியிலேயே நிரம்பிவிடும், சேலைக்கு இடம் கிடையாது. பார்க்கிறவருக்கும் ஒரே படம் ஐந்து தடவை ஓடினால் சலித்துவிடும்.

இப்போது நிறத்துக்கு ஒரு பொருள். அளவு விவரத்தில், அதுவும் முதல் வரியில். கீழே எழுதினால் அதை விரித்துப் பார்க்கிறவர்கள் குறைவு. தலைப்பு இப்படி:

```
Mango Yellow cotton kurti, elbow sleeve, K214
```

மற்றதிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுகிற சொல் முதலில் வர வேண்டும். 'புது வரவு', 'பிரீமியம்' எல்லாம் எல்லாப் பொருளுக்கும் ஒட்டும், ஆகவே எதையும் பிரித்துக் காட்டாது. K214 என்பது அலமாரியில் ஊசி குத்தி வைத்திருக்கும் சீட்டு எண்.

ஒரு தொல்லை தீரவில்லை. கூடை வரும்போது அளவு வராது. 'மாம்பழ மஞ்சள், 2' என்று வரும். இரண்டும் 40 ஆ, ஒன்று 40 இன்னொன்று 44 ஆ? 'கூடையை அனுப்பியதும் அளவை எழுதுங்கள்' என்று விவரத்தில் போட்டிருக்கிறேன். பாதிப் பேர் எழுதுகிறார்கள். மீதிப் பேரிடம் நான் கேட்கிறேன்.

மாடிக்கடை · 13 ஜூன், காலை 8:05

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். எண்ணைக் கடைசியில் வைத்தது தப்பு. பெயரில் முதலில் வெட்டுப்படுவதே வால்தான். எல்லாவற்றையும் `K214 Mango Yellow cotton kurti` என்று மாற்றிக்கொண்டிருக்கிறேன். மூட்டைக் கணக்குபோல இருக்கிறது என்று மகள் முகம் சுளிக்கிறாள். இருக்கட்டும்.

ஊசிக்கண் · 14 ஜூன், மாலை 4:48

இருபத்தெட்டு வருடமாகத் தைக்கிறேன். உங்கள் கடைகளில் வாங்கிய குர்த்தியைப் பிரித்துத் தைக்க என்னிடம்தான் கொண்டு வருகிறார்கள். தலைப்பு எப்படியோ போகட்டும், விவரத்தில் 'L - 40' என்று எழுதுகிறீர்களே, எதற்கு 40? உடம்புக்கா, துணிக்கா?

துணியைத் தரையில் விரித்து ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் வருவது துணியின் சுற்றளவு. 40 அங்குலத் துணியை 40 அங்குல உடம்பில் போட்டால் மூச்சு விட முடியாது. பருத்திக் குர்த்திக்கு இரண்டு அங்குலமாவது தளர்ச்சி வேண்டும். சில கம்பெனிகள் 40 என்று உடம்பை எழுதித் துணியை 42 ஆக வெட்டுகின்றன. சில கம்பெனிகள் துணியே 40. சீட்டைப் பார்த்துக் காப்பி அடித்தால் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். நாடாவை எடுத்து அளக்க வேண்டும், வேறு வழியில்லை.

அப்புறம், உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். பாதிப் பேர் அதைப் பார்த்துதான் துணிந்து வாங்குவார்கள்.

ஈசூன்காரன் · 14 ஜூன், மாலை 6:30

அதை நான் எழுதுகிறேன் அண்ணே. பக்கத் தையலில் அரை அங்குலம் விடலாம் என்றால் இரண்டு பக்கம் சேர்த்து 1 அங்குலம் பெருசாகும். '1 அங்குலம் பிரிக்கலாம்' என்று போட்டுவிடுவேன்.

ஊசிக்கண் · 14 ஜூன், இரவு 8:15

பாதிதான் சரி தம்பி. ஒரு பக்கத் தையலில் முன் துண்டு ஒன்று, பின் துண்டு ஒன்று, இரண்டு விளிம்பு சேர்கிறது. இரண்டு பக்கத்துக்கு நாலு விளிம்பு. விளிம்புக்கு அரை அங்குலம் விட்டால் சுற்றளவில் 2 அங்குலம் கிடைக்கும். பாதியைச் சொல்லி விற்றுக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

ஆனால் இருக்கிற துணி முழுவதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். உள்ளே முக்கால் அங்குலம் இருந்தால்தான் அரை அங்குலம் விட முடியும், மீதி கால் அங்குலம் புதுத் தையலுக்குப் பிடிமானம். கையிலும் துணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடம்பைப் பெரிதாக்கினால் கைக்குழியும் பெரிதாகும், கை அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் அக்குளில் இழுக்கும். கையில்லாக் குர்த்தி என்றால் கவலை இல்லை.

மாடிக்கடை · 15 ஜூன், இரவு 10:50

அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு இன்று நாடாவை எடுத்தேன். 40 என்று சீட்டு குத்திய ஆறு குர்த்தியை அளந்தால் நாலு 42, ஒன்று 41, ஒன்று சரியாக 40. இத்தனை நாள் எல்லாவற்றுக்கும் 'L - 40' என்று எழுதி வந்திருக்கிறேன். 'இறுக்கமாக இருக்கிறதக்கா' என்று வந்தவர்களிடம் மனசுக்குள் வேறு காரணம் நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

K214 விவரம் இப்போது:

அளவு 40: துணியின் மார்புச் சுற்றளவு 42 அங்குலம், 39 முதல் 40 வரை உள்ள உடம்புக்கு. அளவு 44: துணி 46, உடம்பு 43 முதல் 44. தோளிலிருந்து நீளம் 44 அங்குலம். பிரித்தால் 2 அங்குலம் வரை பெரிதாக்கலாம். பருத்தி, உள்துணி இல்லை, வெயிலில் நின்றால் உள்பாவாடை வேண்டும். குர்த்தி மட்டும், பேன்ட்டும் துப்பட்டாவும் படத்துக்காக.

கடைசி வரியைப் போட்ட பிறகு 'துப்பட்டா எங்கே?' என்று ஒருவரும் கேட்கவில்லை. முன்பு வாரம் இரண்டு சண்டை.

சின்னப்பாவாடை · 16 ஜூன், பகல் 1:20

நான் பிள்ளைகளின் பட்டுப்பாவாடை மட்டும் விற்கிறேன். எனக்கு மார்பளவு பிரச்சினையே இல்லை, வயசுதான் பிரச்சினை. '5 வயது' என்று எழுதினால் இந்த ஊரில் ஒரு 5 வயது என் இடுப்புக்கு வருகிறது, இன்னொன்று முட்டிக்கு. இப்போது இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எத்தனை அங்குலம் என்று மட்டும் எழுதுகிறேன். அம்மாக்கள் கோபித்துக்கொள்கிறார்கள், 'என் பிள்ளைக்கு 5 வயசு, சரியாக இருக்குமா இருக்காதா சொல்லு' என்று. பிள்ளையை நிற்கவைத்து அளங்கள் என்றால் பதிலே வராது. வயசையும் சேர்த்து எழுதிவிடலாமா என்று தோன்றுகிறது. யாராவது சொல்லுங்கள்.

நூல்கண்டு · 18 ஜூன், இரவு 11:15

தமிழில் எழுதுவதா ஆங்கிலத்திலா? மாடிக்கடை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதுகிறார், இங்கே வந்து தமிழில் பேசுகிறார்.

மாடிக்கடை · 20 ஜூன், காலை 6:50

குத்து வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 21 இன நல்லிணக்க நாள் வருகிறது அல்லவா, போன வருடம் அதற்கு முந்திய இரண்டு வாரம் வந்தவர்களில் பாதிக்கு மேல் சீன, மலாய் ஆசிரியர்கள், பெற்றோர்கள். அவர்களுக்குச் 'சுடிதார்' என்றால் தெரியாது. 'பஞ்சாபி சூட்' என்றால் உடனே தெரியும். ஆகவே தலைப்பில் 'Punjabi suit' என்று எழுதுகிறேன், நம் ஆட்களுக்கும் அது புரியும். தமிழ் எழுத்தில் எழுதினால் இன்னொரு சிக்கல், நம் எழுத்து அகலம், வெட்டுப்படுமுன் இரண்டு சொல்கூடத் தேறாது. தலைப்பு ஆங்கிலம், விவரத்தில் ஆங்கிலத்துக்குக் கீழே தமிழ், இதுதான் இப்போதைக்கு.

ஆனால் நிறத்தில் நான் தமிழை விடமாட்டேன். மயில்கழுத்து என்று சொன்னால் நம் பெண்களுக்கு நீலமும் பச்சையும் அடித்துக்கொண்டு மின்னுவது கண்ணில் வரும். 'Teal' என்றால் பள்ளிக்கூடச் சுவர்தான் வரும். வாடாமல்லி, அரக்கு, கிளிப்பச்சை எல்லாம் விவரத்தின் தமிழ்ப் பகுதியில் இருக்கின்றன.

ஒரு தடவை ஆர்வத்தில் தலைப்பிலேயே 'MS Blue' என்று போட்டுவிட்டேன். எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டிய நீலம், அம்மா தலைமுறைக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு மலாய் ஆசிரியை 'எம்.எஸ். என்றால் எம்முக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் உள்ள அளவா?' என்று கேட்டார். தலைப்பில் 'Deep blue' என்று மாற்றினேன். எம்.எஸ். கீழே தமிழில் இருக்கிறார்.

ஈசூன்காரன் · 27 ஜூன், இரவு 9:05

இவ்வளவு நீட்டி எழுதத் தேவையில்லை என்றே இன்னும் நினைக்கிறேன். நான் சேலை எல்லாவற்றுக்கும் 'சில்க் சேலை' என்று ஒரே தலைப்பு. 35 வெள்ளிக்குச் சுத்தப்பட்டு வராது என்று எல்லாருக்கும் தெரியும். கீழே 'நிறமும் துணியும் படத்திலிருந்து மாறலாம்' என்று ஒரு வரி போட்டால் போதும், யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஊசிக்கண் · 27 ஜூன், இரவு 10:40

நிறம் கொஞ்சம் மாறலாம் என்று எழுதலாம், போனுக்குப் போன் மாறத்தான் செய்யும். துணி மாறலாம் என்றால் என்ன அர்த்தம் தம்பி? பட்டு என்று சொல்லி பாலியெஸ்டர் கொடுப்பதா? இங்கே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அது நியாயமற்ற வணிகம். 2012 செப்டம்பரிலிருந்து லெமன் சட்டமும் இருக்கிறது. சொன்ன விவரத்துக்குப் பொருந்தாத பொருள் என்று 6 மாதத்துக்குள் தெரிந்தால், கொடுக்கும்போதே அது அப்படித்தான் இருந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவர்களுக்கு அந்தச் சட்டம் உதவாது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் விவரத்தில் நீங்கள் எழுதுவது அலங்காரம் இல்லை, வாக்கு.

மாடிக்கடை · 28 ஜூன், இரவு 11:30

தம்பியைத் திட்ட எனக்கு வாய் இல்லை. நானே செய்திருக்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு ஊரிலிருந்து சரக்கு அனுப்பியவர் படத்தோடு 'Pure soft silk' என்று ஒரு வரியும் அனுப்பினார். அதை அப்படியே ஒட்டினேன். 68 வெள்ளி. வாங்கியவரின் பெரியம்மா கடைக்கே வந்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. 'தீப்பெட்டி இருக்கா' என்றார்.

சேலையின் உடலில் குறுக்கே ஓடும் நூல் ஒன்று, நீளவாக்கில் ஓடும் நூல் ஒன்று, இரண்டையும் உருவினார். ஒன்று பட்டாகவும் ஒன்று வேறாகவும் இருக்கலாமாம், அதனால் இரண்டையும் பார்க்க வேண்டுமாம். கரையில் உருவக்கூடாது, அங்கே ஜரிகை. மாடிப்படியில் வைத்துக் கொளுத்தினார். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் நசுக்கினால் பொடியாகும். எங்களுடையது சுருண்டு உருகி நுனியில் கறுப்பாக ஒரு மணியாக நின்றது, கல் மாதிரி. இரண்டு நூலும். 68 வெள்ளியை அங்கேயே பேநவ்வில் திருப்பினேன்.

அன்றிலிருந்து சரக்கு வந்ததும் இரண்டு நூல் உருவிப் பார்த்துவிட்டுத்தான் விவரம் எழுதுகிறேன். உருகினால் 'பட்டு போன்ற பாலியெஸ்டர்' என்றே எழுதுகிறேன். விற்பனை குறையும் என்று பயந்தேன். 'கழுவினால் சுருங்காது, வாஷிங் மெஷினில் போடலாம்' என்று அடுத்த வரியில் சேர்த்தேன், அலுவலகத்துக்குக் கட்டுகிறவர்கள் அதற்காகவே வாங்குகிறார்கள்.

'ஆர்ட் சில்க்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். செயற்கை என்பதைத்தான் சுருக்கி ஆர்ட் என்கிறார்கள். ஒரு அம்மா கையால் ஓவியம் வரைந்தது என்று நினைத்து, வரைந்தவர் யார் என்று கேட்டார்.

பட்டம்மா · 29 ஜூன், காலை 9:10

பாலியெஸ்டர் சேலைக்கும் குஞ்சம் முடிவேன், ஆனால் அந்த நூல் வழுக்கும். எட்டுக்குப் பதில் பன்னிரண்டாக எடுக்க வேண்டும்.

ஈசூன்காரன் · 29 ஜூன், பகல் 12:45

மூன்று சேலையில் நூல் உருவிப் பார்த்தேன். மூன்றும் மணி. தலைப்பை மாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒன்றும் பேசாதீர்கள்.

நூல்கண்டு · 22 ஜூலை, இரவு 10:20

86 இல் 60 மாற்றிவிட்டேன். நேற்றைய அவசரத்தில் கணவரே தனியாக ஒன்பது பொட்டலம் கட்டினார், ஒன்றுகூட மாறவில்லை. விற்றுத் தீர்ந்ததை மறைத்து வைக்க மறந்து ஒரே பஞ்சாபி சூட்டுக்கு மூன்று பேர் கூடை அனுப்பிவிட்டார்கள், அது வேறு கதை. இருப்பு எத்தனை என்று கேட்லாக்குக்குத் தெரியாது, நாம்தான் கவனிக்க வேண்டும் என்பது எனக்கு நேற்றுதான் உறைத்தது.

மற்ற 26 பழைய சரக்கு. 'டிசைன்' என்றே இருக்கட்டும்.

மாடிக்கடை · 2 செப்டம்பர், இரவு 9:55

ஒரு சந்தேகம், அதற்காகத்தான் பழைய இழையைத் தோண்டினேன். உட்லண்ட்ஸ் அக்கா இன்று குரல் செய்தி அனுப்பினார். 'K214 இன்னொன்று வேண்டும், 44, தங்கச்சிக்கு.' எண் சொல்லிக் கேட்கிறார், மாமியாருக்கு ஒரே பெருமை.

ஆனால் K214 பழைய கட்டு தீர்ந்துவிட்டது. புதுக் கட்டு போன வாரம் வந்தது. துணி அதே, தையல் அதே, மஞ்சள் ஒரு சொட்டு சிவப்பு கலந்ததுபோல இருக்கிறது. ஜன்னல் பக்கம் வைத்தால்தான் தெரிகிறது. பழைய எண்ணிலேயே விற்கலாமா?

ஊசிக்கண் · 2 செப்டம்பர், இரவு 10:30

அக்காளும் தங்கையும் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். சாயத்தொட்டி மாறினால் வேறு துணி. புது எண்.

மாடிக்கடை · 2 செப்டம்பர், இரவு 10:41

K231. படமும் ஜன்னல் வெளிச்சத்தில் புதிதாக எடுக்க வேண்டும், காலையில். அக்காவுக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை, ஒரே ஒரு டிக்தான்.